கோணம் எந்த எழுத்தில் நிற்கிறது? சர்வசம விதியைத் தேர்ந்தெடுக்கும் முறை

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் ஒரு கொடிக்கம்பம் நிற்கிறது. அதன் உச்சியிலிருந்து ஒரே நீளமுள்ள இரண்டு கயிறுகளை எதிரெதிர்ப் பக்கம் இழுத்து, தரையில் முளையடித்துக் கட்டியிருக்கிறார்கள். மாலையில் என்னிடம் டியூஷன் படிக்க வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதையே கணக்காகக் கொடுத்தேன். கம்பத்தின் அடியிலிருந்து இரண்டு முளைகளும் சம தூரத்தில் இருக்கின்றன என்று நிரூபிக்க வேண்டும். கூற்று ஒரு பத்தியிலும் காரணம் அடுத்த பத்தியிலும் வர வேண்டும்.

பாதிப் பேர் ப-கோ-ப, அதாவது பக்கம்-கோணம்-பக்கம் விதி என்று எழுதியிருந்தார்கள். இரண்டு பக்கம் சமம், ஒரு கோணம் சமம், ஆகவே ப-கோ-ப என்பது அவர்கள் கணக்கு. கூற்றுகள் எல்லாம் சரி. காரணம் பத்தியில் ஒரே ஒரு வரி தவறு. நிரூபணமே அந்த வரியில்தான் நிற்கிறது என்பதால் மதிப்பெண்ணும் அங்கேதான் போகும்.

முதலில் படம். கம்பத்தின் உச்சி A, அடி D, முளைகள் B, C. B, D, C மூன்றும் ஒரே கோட்டில் இருக்கின்றன. கொடுக்கப்பட்டவை இரண்டு: AB = AC, AD ⊥ BC. படத்தில் இவற்றை மட்டும் குறியுங்கள். BD, CD இரண்டும் சமமாகத் தோன்றினாலும் அங்கே சமக் குறி போடாதீர்கள். அதைத்தானே நிரூபிக்கப் போகிறோம்! ∠B = ∠C என்பதும் அப்படியே. பார்த்தாலே தெரிகிறது என்பது காரணம் பத்தியில் எழுதக்கூடிய காரணம் அல்ல.

அடுத்து, விதியின் பெயரை மறந்துவிட்டு, சமமான மூன்று உறுப்புகளை மட்டும் தனித்தாளில் எழுதுங்கள். AB = AC. AD = AD, ஏனென்றால் அது இரண்டு முக்கோணங்களுக்கும் பொதுப் பக்கம். ∠ADB = ∠ADC, இரண்டும் 90°. பொதுப் பக்கத்தை எழுத மறப்பவர்கள் ஏராளம். யாரும் தராமல் படமே தரும் உறுப்பு அது.

இப்போது விதியைத் தேர்ந்தெடுக்கலாம். நான் சொல்லிக்கொடுக்கும் சோதனை மிக எளியது: எழுத்துகளைப் பாருங்கள். ஒரு முக்கோணத்தில் நாம் எடுத்த இரண்டு பக்கங்கள் AB, AD. இரண்டிலும் வரும் எழுத்து A. ஆகவே இவற்றுக்கு இடைப்பட்ட கோணம் A-யில்தான் இருக்க முடியும். நம்மிடம் உள்ள கோணமோ D-யில் இருக்கிறது. எழுத்து பொருந்தவில்லை, கோணம் இரண்டு பக்கங்களுக்கும் இடையில் இல்லை, எனவே ப-கோ-ப இல்லை.

கோணம் இடையில் இல்லாதபோது பள்ளிப் பாட விதிகளில் ஒரே ஒரு வழிதான் உண்டு. அந்தக் கோணம் 90° ஆக இருந்து, நாம் எடுத்த பக்கங்களில் ஒன்று அதற்கு எதிரே இருக்க வேண்டும், அதாவது கர்ணமாக இருக்க வேண்டும். இங்கே D-யில் 90°, அதற்கு எதிரே இருப்பது AB. எனவே விதி செ-க-ப: செங்கோணம், கர்ணம், பக்கம்.

| எண் | கூற்று | காரணம் |
|---|---|---|
| 1 | AD ⊥ BC | கொடுக்கப்பட்டது |
| 2 | ∠ADB = ∠ADC = 90° | 1-இலிருந்து |
| 3 | AB = AC | கொடுக்கப்பட்டது (கர்ணம்) |
| 4 | AD = AD | பொதுப் பக்கம் |
| 5 | ∆ADB ≅ ∆ADC | செ-க-ப (2, 3, 4) |
| 6 | BD = CD | சர்வசம முக்கோணங்களின் ஒத்த பக்கங்கள் |

ஐந்தாம் வரியில் எழுத்துகளின் வரிசையைக் கவனியுங்கள். A-க்கு A, D-க்கு D, B-க்கு C. வரிசை மாறினால் ஆறாம் வரியில் ஒத்த பக்கம் எது என்பதும் மாறிவிடும்.

அன்று வகுப்பில் ஒரு மாணவி விடவில்லை. "சார், இரண்டு பக்கம் சமம், ஒரு கோணம் சமம். அந்தக் கோணம் எங்கே இருந்தால் என்ன? முக்கோணம் மாறியா போகும்?" என்றாள். நல்ல கேள்வி. மாறித்தான் போகும். நம்பாதவர்கள் நோட்டில் வரைந்து பார்க்கலாம், அதே படம் போதும்.

கிடையாக ஒரு நீளக் கோடு போட்டு அதில் D-யைக் குறியுங்கள். D-க்கு மேலே செங்குத்தாக 12 செ.மீ. உயரத்தில் A. காம்பஸை 13 செ.மீ. விரித்து, A-யை மையமாக வைத்துக் கோட்டை வெட்டுங்கள். D-க்கு இடப்பக்கம் 5 செ.மீ.-இல் B, வலப்பக்கம் 5 செ.மீ.-இல் C கிடைக்கும். (13² − 12² = 25 என்பதால் 5.) இனி அதே கோட்டில் C-ஐத் தாண்டி, D-யிலிருந்து 9 செ.மீ. தள்ளி P என்ற புள்ளியைக் குறித்து, A-யுடன் சேருங்கள். PA-வை அளந்தால் 15 செ.மீ. இருக்கும்.

இப்போது PAB, PAC என்ற முக்கோணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். PA இரண்டுக்கும் பொது. AB = AC = 13. P-யில் உள்ள கோணம் இரண்டுக்கும் ஒன்றேதான். இரண்டு பக்கம், ஒரு கோணம், மூன்றும் சமம். ஆனால் PB 14 செ.மீ., PC வெறும் 4 செ.மீ. ஒன்றின் மேல் மற்றொன்றை வைத்தால் பொருந்தவே பொருந்தாது. எழுத்துச் சோதனையும் இதையே சொல்கிறது: PA, AB இரண்டிலும் வருவது A, கோணமோ P-யில் இருக்கிறது.

காரணம் காம்பஸில் இருக்கிறது. 13 செ.மீ. வில் கோட்டை இரண்டு இடங்களில் வெட்டுகிறது. P-யிலிருந்து பார்த்தால் ஒரு வெட்டு அருகில், இன்னொன்று தொலைவில். அதனால் இரண்டு வேறு முக்கோணங்கள் கிடைக்கின்றன. D-யிலிருந்து பார்த்தால் இரண்டு வெட்டுகளும் சம தூரத்தில், உருவமும் அதன் கண்ணாடிப் பிம்பமும் போல இருக்கின்றன. எந்த வெட்டை எடுத்தாலும் முக்கோணம் ஒன்றேதான். செங்கோணத்துக்குத் தனிச் சலுகை வந்த கதை இதுதான்.

கொடுக்கப்பட்டதை மட்டும் மாற்றினால் இதே படத்தில் விதியும் மாறும். AB = AC, D என்பது BC-யின் நடுப்புள்ளி என்று தந்திருந்தால் கோணமே தேவையில்லை: AB = AC, BD = CD, AD = AD, எனவே ப-ப-ப. AD கோணம் A-யைச் சமமாகப் பிரிக்கிறது என்று தந்திருந்தால், AB, AD இரண்டுக்கும் பொது எழுத்தான A-யிலேயே கோணம் இருக்கிறது. அப்போதுதான் ப-கோ-ப.

இங்கே ஒரு பெரிய குழி இருக்கிறது. ∠B = ∠C என்று நிரூபிக்கச் சொல்லி AD-ஐத் தராமல் விட்டிருந்தால், நாமேதான் அதை வரைய வேண்டும். அப்போது பிள்ளைகள் "BC-க்குச் செங்குத்தாகவும் அதைச் சமமாகப் பிரிக்கும்படியும் AD வரைக" என்று தாராளமாக எழுதிவிடுகிறார்கள். A-யிலிருந்து வரையும் கோட்டுக்கு ஒரு நிபந்தனையைத்தான் நீங்கள் விதிக்கலாம். செங்குத்து என்றால் செங்குத்து, நடுப்புள்ளி என்றால் நடுப்புள்ளி. இரண்டாவது தன்மை முடிவில் தானாக வரும், தொடக்கத்தில் எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டு கோணமும் ஒரு பக்கமும் கிடைக்கும் கணக்குகளுக்கும் எழுத்துச் சோதனை உண்டு. பக்கம் BC, கோணங்கள் B-யிலும் C-யிலும் இருந்தால் கோ-ப-கோ. ஒரு கோணம் A-க்குப் போய்விட்டால் கோ-கோ-ப. அதுவும் செல்லும், ஏனென்றால் மூன்றாவது கோணம் 180°-இல் மீதியாகக் கிடைத்துவிடும்.

கடைசியாக ஒரு கணக்கு. அதே கொடிக்கம்பம், AD ⊥ BC. இந்த முறை BD = CD என்று தந்துவிட்டு, கயிறுகள் சம நீளம் என்று நிரூபிக்கச் சொல்கிறார்கள். 90°-ஐக் கண்டவுடன் செ-க-ப என்று கை போகும். AD, BD இரண்டிலும் வரும் எழுத்து D, செங்கோணமும் D-யில்தான் இருக்கிறது. கர்ணத்தைப் பற்றி நமக்கு எதுவுமே தெரியாது, நிரூபிக்க வேண்டியதே அதுதான். விதி ப-கோ-ப.