தேர்வு அறையில் மைக்ரேன்: மாத்திரை ஏன் பலன் தரவில்லை

வினாத்தாளில் ஒரு சொல்லின் நடு எழுத்து மட்டும் காணாமல் போகும். பிறகு அங்கேயே வளைந்து மின்னும் ஒரு கோடு. கண்ணாடியை மாற்றினேன், பலனில்லை. எந்தக் கண்ணை மூடினாலும் கோடு தெரிந்தது. அப்போதுதான் கோளாறு கண்ணில் இல்லை, இது மைக்ரேன் தலைவலிக்கு முன்னறிகுறி என்று புரிந்தது.

வலி மண்டையைப் பிளந்த பிறகே மாத்திரை போடுவேன், கேட்காது. மைக்ரேனில் இரைப்பை மந்தமாகிவிடும். மாத்திரை குடலுக்குப் போவதே தாமதம். இப்போது டாக்டர் சொன்னபடி, கோடு தெரிந்ததுமே 400 மி.கி. இபுப்ரோஃபென். (டிரிப்டான் என்ற மைக்ரேன் மருந்து என்றால் வலி தொடங்கிய பின்தான்.) மாத்திரையும் தண்ணீரும் கொண்டுபோக முன்பே அனுமதி வாங்கிவிடுகிறேன்.

கோடு பெரும்பாலும் 20 நிமிடத்தில் விலகும். அதுவரை நீளமான கேள்விகளை விட்டுவிட்டு, மனப்பாடமான விடைகளை எழுதுவேன். கோடு ஒரு மணி நேரம் தாண்டினாலோ, கை பலமிழந்தாலோ நேரே மருத்துவமனைதான்.