ஹீப்பின் நடுவிலிருந்து ஒன்றை நீக்கும்போது நடக்கும் தவறுகள்

மிகச் சிறியதை எப்போதும் உச்சியில் வைத்திருக்கும் தரவமைப்பான மின் ஹீப்பை எழுதுகிறவர்கள் புதிதாக ஒன்றைப் போடுவதையும் உச்சியில் உள்ளதை எடுப்பதையும் பெரும்பாலும் ஒழுங்காகவே எழுதிவிடுவார்கள். கோளாறு வருவது மூன்றாவது வேலையில், அதாவது நடுவில் கிடக்கும் ஒன்றை ரத்துச் செய்யும்போது.

வெள்ளவத்தையில் மதியச் சாப்பாட்டுப் பார்சல் அனுப்பும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஓடருக்கும் ஓர் எண் உண்டு: 12 மணிக்குப் பிறகு எத்தனையாவது நிமிடத்துக்குள் பார்சல் கடையை விட்டு வெளிக்கிட வேண்டும் என்பதுதான் அது. சின்ன எண் முதலில் போகும். அணியில் ஓடர்கள் இப்படி இருக்கின்றன:

```
[1, 10, 2, 11, 12, 3, 4]
```

இடங்களை 0 இலிருந்து எண்ணினால், `i` ஆவது இடத்தின் பெற்றோர் `(i - 1) // 2` இல் இருக்கும். பெற்றோர் தன் பிள்ளையைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான் விதி. வேறு வேறு கிளைகளில் இருப்பவற்றுக்கு இடையே எந்த ஒழுங்கும் கிடையாது. இதை மறப்பதுதான் எல்லாவற்றுக்கும் மூலம்.

இப்போது பம்பலப்பிட்டிக்குப் போக வேண்டிய 11 ரத்தாகிறது. அது இருப்பது 3 ஆவது இடம். வழக்கம்போல் கடைசியில் உள்ள 4 ஐத் தூக்கி அங்கே வைக்கிறோம். உச்சியை எடுக்கும்போது செய்த அதே பழக்கத்தில் கீழே இறக்கும் வேலையை மட்டும் கூப்பிட்டால் ஒன்றும் நடக்காது, 4 க்குக் கீழே பிள்ளைகளே இல்லை. ஆனால் அதன் பெற்றோர் இப்போது 10. விதி உடைந்துவிட்டது. 4 வந்தது வலது கிளையிலிருந்து, அங்கே அது கடைசியாக இருந்தது என்பதற்காக இடது கிளையில் உள்ளவற்றைவிடப் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. இங்கே அதை மேலே ஏற்றியிருக்க வேண்டும்.

இந்தப் பிழையின் குசும்பு என்னவென்றால், உடைந்த இந்த ஹீப்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாலும் 1, 2, 3, 4, 10, 12 என்று சரியாகவே வரும். சோதனை பாஸ். ஓடர்கள் கூடும்போதுதான் வெளியே தெரியும். இதைப் பாருங்கள்:

```
[1, 10, 2, 20, 21, 3, 30, 22, 23, 24, 25, 4]
```

7 ஆவது இடத்தில் உள்ள 22 ஐ நீக்கி, 4 ஐ அங்கே வைத்து, கீழே மட்டும் இறக்கிப் பார்த்தால் 1, 2, 3, 10, 20 என்று வந்த பிறகுதான் 4 வரும். 12.04 க்குப் போக வேண்டிய பார்சல் 12.20 பார்சலுக்குப் பின்னால் போகிறது. அதனால் வெளிவரும் வரிசையை மட்டும் நம்பாமல், சோதனையில் ஒவ்வொரு நீக்கலுக்குப் பிறகும் விதியையே பரிசோதிப்பது நல்லது:

```python
assert all(h[(k - 1) // 2] <= h[k] for k in range(1, len(h)))
```

சரியான நீக்கல் இப்படி இருக்கும், இதில் `sift_up` மேலே ஏற்றுவது, `sift_down` கீழே இறக்குவது:

```python
def remove_at(h, i):
    last = h.pop()
    if i == len(h):
        return last
    removed, h[i] = h[i], last
    if i > 0 and h[i] < h[(i - 1) // 2]:
        sift_up(h, i)
    else:
        sift_down(h, i)
    return removed
```

நீக்க வேண்டியது கடைசி இடத்திலேயே இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத்தான் அந்த முதல் `if`. அதை விட்டுவிட்டால் இல்லாத இடத்தைத் தொடப் போய் நிரல் விழும். விழுவதாவது பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும்.

அப்புறம், அந்த `i` எங்கிருந்து வருகிறது? அணி முழுக்கத் தேடலாம், சில நூறு ஓடர்களுக்கு அதுவே போதும். பெரிதானால், நேரத்தைத் தவிர ஒவ்வொரு ஓடருக்கும் உள்ள தனி ஓடர் இலக்கத்துக்கு எதிரே இடத்தைக் குறித்துவைக்கும் ஓர் அகராதி வைத்துக்கொள்வார்கள். இடம் மாற்றும்போதெல்லாம் அதையும் திருத்த வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தவறுவது `h[i] = last` என்ற வரியில்தான். அது இடமாற்றம் மாதிரித் தெரியாது. பின்னர் `last` மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் அங்கேயே நின்றுவிட்டால், அகராதியில் அதன் பழைய இடம் அப்படியே இருக்கும். அந்தப் பழைய இடத்தில் புதிய ஓடர் ஒன்று வந்து உட்கார்ந்த பிறகு `last` ரத்தானால், வேறு யாருடைய பார்சலோ காணாமல் போகும்.

பைத்தானின் `heapq` இல் நடுவிலிருந்து நீக்குவதற்கென்று ஒரு செயற்பாடு இல்லை. அதன் ஆவணமே சொல்லும் வழி, பதிவை அங்கேயே விட்டு, ரத்து என்று குறியிட்டு, உச்சிக்கு வரும்போது தூக்கிப் போடுவது. எனக்கும் பெரும்பாலான வேலைகளுக்கு இதுவே பிடிக்கும். ஆனால் குறியைப் பதிவின் மேலேயே போடுங்கள், ஓடர் இலக்கத்தின் மேல் அல்ல. ரத்துச் செய்தவர் பத்து நிமிடத்தில் மனம் மாறி, அதே இலக்கம் புதிய நேரத்தோடு மறுபடி உள்ளே வந்தால், இலக்கத்தை ரத்துப் பட்டியலில் வைத்திருக்கும் நிரல் புதிய பதிவையும் சேர்த்துத் தூக்கிப் போடும். பட்டியலிலிருந்து இலக்கத்தை அழித்தாலோ பழைய பதிவும் உயிர்பெற்று, ஒரே ஓடருக்கு இரண்டு பார்சல் போகும்.