“இனிமே ஒண்ணும் இல்லடா” என்று நண்பன் சொன்னால்

போன வருஷம் டீக்கடை பெஞ்சில் ஒரு நண்பன் இப்படித்தான் சொன்னான். கடன், கூடவே வேலையும் போயிருந்தது. நான் சட்டென்று, “எல்லாம் சரியாயிடும்டா” என்றேன். “ம்” என்றான். டீயில் ஆடை படிந்தது, அவன் குடிக்கவில்லை. அதற்கு மேல் பேசவும் இல்லை. மறுநாள் நானே தேடிப் போய்ப் பேச்சைத் திரும்ப ஆரம்பித்தேன்.

1. வாட்ஸ்அப்பில் வேண்டாம். நேரில் போங்கள், முடியாவிட்டால் போனில் கூப்பிடுங்கள். எனக்குப் பிடித்தது சேர்ந்து நடப்பது. முகத்தைப் பார்க்காமல் பேசுவது பலருக்கு எளிது.

2. யோசனை சொல்லாதீர்கள். அவன் சொன்னதையே திருப்பிச் சொல்லுங்கள்: “வீட்டுக்குப் போகவே பயமா இருக்குன்ற, இல்ல?” அவன் மௌனமானால் நீங்களும் இருங்கள். அன்று நான் வாயை மூடிக்கொண்டு நடந்த கொஞ்ச தூரத்துக்குப் பிறகுதான் அவன் கடன் தொகையையே சொன்னான்.

3. நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். “செத்துடலாம்னு தோணுதாடா?” என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயந்தேன். அப்படி ஆகாது. பெரும்பாலும், சொல்ல ஒரு ஆள் கிடைத்ததே என்று மூச்சு விடுவார்கள். “அப்படியெல்லாம் பண்ணிட மாட்டியே?” என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு “இல்ல” என்ற பதில்தான் வரும்.

“தோணுது” என்றால் அதிராமல் அடுத்ததையும் கேளுங்கள்: எப்படி, எப்போது என்று யோசித்தாயா? அதற்கானது கையில் இருக்கிறதா? முன்பு முயன்றிருக்கிறாயா?

4. என் நண்பன், “தோணுது, ஆனா எதுவும் யோசிக்கல” என்றான். அன்றைக்கே அவன் அக்காவுக்குப் பேசினோம், அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே. பிறகு 14416, அதாவது டெலி மானஸ். மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். நம்பரை அனுப்பிவிட்டு விடாதீர்கள்; பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே போடுங்கள். அடுத்த வாரம் மனநல மருத்துவரிடம் கூடப் போனேன்.

வழியோ நாளோ யோசித்து வைத்திருந்தால் இவ்வளவு நிதானம் கூடாது. அவனைத் தனியே விடாதீர்கள். ஆபத்தானதை அவன் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்தச் சொல்லி வீட்டாரைக் கூப்பிடுங்கள். உடனே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், அல்லது 108. ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டிருந்தால் பேச்சே வேண்டாம், முதலில் 108தான்.

பிற்சேர்க்கை: “யாருகிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டா?” என்று இருவர் கேட்டார்கள். அந்தச் சத்தியத்தைச் செய்யாதீர்கள். “உன் உயிர் சம்பந்தப்பட்டதுன்னா சொல்லுவேன். யாருகிட்டன்னு நீயே சொல்லு” என்று கேளுங்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று இன்னொருவர் பயந்தார். 2017 மனநலச் சட்டப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார். அதற்காகத் தண்டிக்கக் கூடாது. அந்தப் பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.