எட்டு சதவீதம் வருகிறதென்று எட்டு சதவீதம் எடுக்காதீர்கள்

போன மாதம் களியக்காவிளையில் ஒரு கல்யாண வீட்டில், பென்ஷன் இல்லாத வேலையிலிருந்து இப்போதுதான் ஓய்வு பெற்ற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். “ஃபண்ட்ல சராசரியா வருஷம் எட்டு பர்சன்ட் வருது சாரே, அந்த எட்டை மட்டும் எடுத்தா முதல் அப்படியே இருக்கும்லா?” என்று கேட்டார். 2008 ஜனவரியில் ஓய்வு பெற்றபோது நானும் இதே கணக்கைத்தான் போட்டேன். வயிற்றைப் பிசைந்தது. எல்லாப் பணத்தையும் ஒரே இடத்தில் போடாதே என்பதெல்லாம் அவருக்கே தெரியும், அதை விடுவோம். தெரியாமல் செய்யும் தவறுகள் இவை.

சராசரியை நம்பி எடுப்பது

கையில் 50 லட்சம் இருக்கிறது, ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் செலவுக்கு 4 லட்சம் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடங்களில் பங்குச் சந்தை முதலில் 30 சதவீதம் இறங்குகிறது, அடுத்து 10 இறங்குகிறது, அப்புறம் 15, 25, 40 என்று ஏறுகிறது. கூட்டி வகுத்தால் சராசரி சரியாக 8.

பணத்தைத் தொடவே இல்லையென்றால் இந்த வருடங்கள் எந்த வரிசையில் வந்தாலும் 50 லட்சம் சுமார் 63.4 லட்சம் ஆகும். கவனியுங்கள், அதுவே கூட்டு வட்டிக் கணக்கில் வருடத்துக்கு 5 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவுதான், எட்டு இல்லை.

இப்போது 4 லட்சம் எடுத்துப் பாருங்கள். முதல் வருடம் 46 லட்சம் 32.2 ஆகிவிடுகிறது. அதிலும் 4 எடுத்து மீதி 10 சதவீதம் இறங்கினால் 25.4. கடைசி வருடம் 40 சதவீதம் ஏறும்போது ஏறுவதற்கு உள்ளே இருப்பதே 21.7 லட்சம்தான், ஆகவே முடிவில் 30.4 லட்சம். அதே வருடங்களைத் தலைகீழாக அடுக்கி, ஏற்றம் முதலிலும் இறக்கம் கடைசியிலும் வந்தால் 46.5 லட்சம் மிஞ்சுகிறது. எடுத்த தொகை ஒன்று, சராசரி ஒன்று, வித்தியாசம் 16 லட்சம்.

காரணம் நம் ஊரில் ரப்பர் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லாமலே புரியும். விலை விழுந்த நேரத்தில் வீட்டுச் செலவுக்கு வழியிருப்பவர் ஷீட்டை அடுக்கி வைத்துக் காத்திருப்பார், வழியில்லாதவர் அதே பணத்துக்கு இரண்டு மடங்கு ஷீட்டைக் கொடுத்துவிட்டு வருவார், பிறகு விலை ஏறினாலும் அவரிடம் விற்கச் சரக்கு இருக்காது. எனக்கு நடந்ததும் அதுதான். 2008இல் சென்செக்ஸ் பாதிக்கும் மேல் இறங்கியது. நான் மாதாமாதம் ஒரே தொகை வரும்படி எழுதிக் கொடுத்திருந்ததால் ஃபண்ட் யூனிட்டுகள் அடிமாட்டு விலைக்குப் போய்க்கொண்டே இருந்தன. 2009இல் 80 சதவீதத்துக்கு மேல் ஏறியபோது விற்ற யூனிட்டுகளுக்கு அந்த ஏற்றம் கிடைக்கவில்லை. அந்தத் திட்டத்தை விற்றவர் சராசரியை மட்டும்தான் காட்டினார், நானும் வேறெதையும் கேட்கவில்லை. இன்றைக்கும் அதே படத்தை யாராவது காட்டினால் எனக்குக் கோபம் வருகிறது.

இப்போது செய்வது இது. மூன்று வருடச் செலவு ஃபிக்சட் டெபாசிட்டிலும் தபால் அலுவலக முதியோர் சேமிப்பிலும் தனியாக இருக்கிறது. சந்தை இறங்கிய வருடம் யூனிட்டைத் தொடாமல் அங்கிருந்து எடுப்பேன், ஏறிய வருடம் யூனிட் விற்று அதை நிரப்புவேன். மூன்று வருடத்துக்கு மேல் சந்தை எழாமல் கிடந்தால் இதுவும் போதாது, செலவைத்தான் குறைக்க வேண்டும். பயந்துபோய் பத்து வருடச் செலவை டெபாசிட்டில் போட்டால் விலைவாசி அதை அரித்துவிடும்.

நாலு சதவீதத்தை வேதமாக்குவது

கையிலிருக்கும் பணத்தில் நாலு சதவீதம் எடுத்துத் தொடங்கலாம் என்பது, 1994இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் அந்நாட்டுப் பங்கு, கடன்பத்திரக் கணக்கை வைத்து, 30 வருட ஓய்வுக்குச் சொன்னது. மோசமான காலத்தில் ஓய்வு பெற்றவருக்கும் தாங்குமா என்று பார்த்து வந்த எண். அவர் கணக்கில் ரொம்ப அடிபட்டவர்கள் 1960களின் கடைசியில் ஓய்வு பெற்றவர்கள், சந்தைச் சரிவும் எழுபதுகளின் விலைவாசியும் சேர்ந்து வந்ததால். நம் விலைவாசி வேறு. 55 வயதில் வேலையை விட்டவருக்கு 30 வருடம் போதாமலும் போகலாம். நான் மூன்றரைக்கு மேல் தொடங்கச் சொல்வதில்லை.

ஒவ்வொரு வருடமும் நாலு சதவீதம் என்று புரிந்துகொள்வது

முதல் வருடம் மட்டும்தான் சதவீதம். அப்புறம் அந்தத் தொகையை விலைவாசிக்கேற்ப ஏற்றிக்கொண்டே போவது.

திரும்பிப் பார்க்காமல் இருப்பது

ஏப்ரல் தோறும் அந்த வருடம் எடுக்கப்போகும் தொகையை மீதியிருக்கும் பணத்தால் வகுத்துப் பாருங்கள். தொடங்கிய விகிதத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடியிருந்தால், அதாவது 4 என்பது 4.8ஐத் தாண்டினால், எடுப்பதில் பத்தில் ஒரு பங்கை அந்த வருடமே குறையுங்கள். மேலே சொன்ன கணக்கில் 8இல் தொடங்கிய விகிதம் ஐந்தாம் வருட முடிவில் 13 ஆகியிருந்தது. ஆனால் முதல் வருடம் முடிந்த அன்றே அது 12ஐத் தாண்டிவிட்டது.