லோனோடு ஒட்டி வந்த இன்சூரன்ஸ்: கிளை மேலாளருக்குப் புகார் எழுதும் முறை

மேலூரில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் 3,00,000 ரூபாய் பெர்சனல் லோன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 12 சதவீதம், 36 மாதத் தவணை. கணக்கில் வந்து விழுந்ததோ 2,85,260. பிராசசிங் கட்டணம், வரியோடு 3,540 ரூபாய். அது முன்பே சொன்னதுதான். மீதி 11,200 எங்கே போனது? பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தால் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர் சுருக்கமாக நிற்கிறது.

இழப்பு 11,200 மட்டுமில்லை. அந்தத் தொகையும் கடனில் சேர்ந்திருப்பதால் அதற்கும் வட்டி ஓடுகிறது. மாதத் தவணையில் சுமார் 372 ரூபாய் இதற்காகவே போகிறது. 36 மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 13,392.

முதலில் காகிதத்தைத் தேடுங்கள்

கடன் ஒப்பந்தத்தோடு கே.எஃப்.எஸ். என்ற முக்கிய விவர அறிக்கை இருக்கும். 2024 அக்டோபர் 1 முதல் வழங்கும் புதிய சில்லறைக் கடன்களுக்கு, வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில் இதைத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. இன்சூரன்ஸ் கட்டணமும் அதில் இருக்கவேண்டும். அதில் இல்லாத எந்தக் கட்டணத்தையும் உங்கள் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் பிடிக்க முடியாது. பிரீமியம் அதில் இல்லையென்றால் புகாரின் முதுகெலும்பே இதுதான். இருந்து, கீழே உங்கள் கையெழுத்தும் இருந்தால் “சொல்லவே இல்லை” என்ற வாதம் எடுபடாது. அப்போது அடுத்த வழிதான் கைகொடுக்கும்.

பாலிசி வந்த தேதியைக் குறியுங்கள்

ஆயுள், மருத்துவக் காப்பீடுகளில் ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் ‘ஃப்ரீ லுக்’ காலம் உண்டு. அதற்குள் வேண்டாமென்று எழுதிக்கொடுத்தால், காப்பீடு இருந்த நாட்களுக்கான தொகை, முத்திரைத்தாள் செலவு, மருத்துவப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் செலவு ஆகியவை போக மீதி திரும்பும். லோனோடு வருவது பெரும்பாலும் குரூப் பாலிசி. உங்களுக்குக் கிடைப்பது ஒரு சான்றிதழ்தான். ஃப்ரீ லுக் விவரம் அதிலேயே அச்சாகியிருக்கும். மெயிலுக்கு வந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கவுண்டரில் “கேன்சல் ஃபாரம்தாண்ணே, ஒரு கையெழுத்துப் போடுங்க” என்று நீட்டுவது சிலசமயம் பாலிசியைப் பாதியில் முடித்துக்கொள்ளும் சரண்டர் ஃபாரமாக இருக்கும். சரண்டர் செய்தால் வருவது அநேகமாகப் பிரீமியத்தில் ஒரு பகுதிதான். தலைப்பைப் படிக்காமல் பேனாவைத் திறக்காதீர்கள்.

புகாரை எழுதுங்கள்

ஒரு பக்கம் போதும். “ஏழை, பெரிய மனசு வைக்கவும்” என்றெல்லாம் வேண்டாம்; தேதியும் தொகையும் பேசட்டும். தமிழிலேயே எழுதலாம்.

> கிளை மேலாளர் அவர்களுக்கு,
> பொருள்: கடன் கணக்கு எண் ______, ஒப்புதலின்றிப் பிடித்த காப்பீட்டுப் பிரீமியம் ரூ.11,200.
>
> ஐயா,
> எனக்கு ரூ.3,00,000 கடன் ______ அன்று வழங்கப்பட்டது. அதில் ரூ.11,200 காப்பீட்டுக்காகப் பிடிக்கப்பட்டுள்ளது. இந்தக் காப்பீட்டை நான் கேட்கவில்லை. கே.எஃப்.எஸ்.-இலும் இது குறிப்பிடப்படவில்லை. பாலிசிச் சான்றிதழ் ______ அன்று கிடைத்தது.
>
> 1. ஃப்ரீ லுக் விதிப்படி பாலிசியை ரத்து செய்து, பிரீமியத்தையும் அதற்குப் பிடித்த வட்டியையும் என் கடன் அசலில் வரவு வைக்கவும்.
> 2. நான் கையெழுத்திட்டதாகக் கூறும் விண்ணப்பப் படிவத்தின் நகல், ஓ.டி.பி. ஒப்புதல் பதிவு இரண்டையும் தரவும்.
> 3. திருத்திய தவணை அட்டவணை தரவும்.

இரண்டாவது கோரிக்கையை விட்டுவிடாதீர்கள். “ஓ.டி.பி. சொன்னீங்களே சார்” என்பதுதான் வழக்கமான பதில். அந்த எஸ்.எம்.எஸ். இன்னும் போனில் இருக்கும்; அது கடனுக்கென்று வந்ததா, காப்பீட்டுக்கென்று வந்ததா என்று படித்துப் பார்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணையுங்கள்.

கொடுக்கும்போது

இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றில் தேதியோடு சீலும் கையெழுத்தும் வாங்குங்கள். சீல் வைக்க இழுத்தடித்தால் அன்றைக்கே பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள். பாலிசியை ரத்து செய்வது வங்கியில்லை, காப்பீட்டு நிறுவனம். ஆகவே ரத்துக் கோரிக்கையைச் சான்றிதழில் உள்ள மெயிலுக்கும் தனியே அனுப்புங்கள். மேலாளர் மேசையில் காகிதம் தூங்கினால் 30 நாள் ஓடிப்போகும்.

கோபத்தில் தவணையை நிறுத்தவேண்டாம். சிபில் மதிப்பெண் அடிபடும், வழக்கும் உங்கள் பக்கம் பலவீனமாகும்.

30 நாளில் வங்கி பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லையென்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்பட்ஸ்மேனிடம் `cms.rbi.org.in` தளத்தில் கட்டணமின்றிப் புகார் பதியலாம். சீல் வைத்த அந்த நகலைத்தான் முதலில் ஏற்றவேண்டியிருக்கும்.