12 வயதுப் பிள்ளைக்கான இசைவுத் தாள்: என்னைத் தடுக்கிவிட்ட அந்த ரகசியப் பத்தி

மனநல ஆலோசனைக்கு வரும் 12 வயதுப் பிள்ளைக்காகச் சட்டப்படி ஒப்புதல் தருவது பெரும்பாலும் பெற்றோர்தான். பிள்ளையிடம் ஆலோசகர்களாகிய நாம் கேட்பது இசைவு, அதாவது "எனக்கும் சம்மதம்" என்று பிள்ளையே சொல்வது. இரண்டையும் ஒரே தாளில் எழுதுங்கள்: முன்பக்கம் பிள்ளைக்கு, பின்பக்கம் பெற்றோருக்கு. இரு பக்கத்தையும் இருவருமே படிக்க வேண்டும். டேப்லெட்டில் கையெழுத்து வாங்குவது எனக்குப் பிடிக்காது, படிக்காமலே தள்ளிவிடுகிறார்கள். காகிதமும் பென்சிலும் கொடுத்தால் புரியாத இடத்தில் பிள்ளை கோடு போடும்.

பிள்ளை பக்கம்

1. நீங்கள் யார், என்ன செய்வீர்கள், எவ்வளவு நேரம். நாலு வரி போதும்.

2. ரகசியம். நான் முதலில் எழுதியது: "உனக்கோ பிறருக்கோ ஆபத்து என்றால் மட்டும் பெற்றோரிடம் சொல்வேன்." ஒரு சிறுமியிடம், "இதை உன் வார்த்தையில சொல்லு" என்றேன். "நான் தப்பு பண்ணினா அம்மாகிட்ட சொல்லிடுவீங்க" என்றாள். அன்றைக்கே மாற்றினேன்:

> நீ பேசுவதை வெளியே சொல்ல மாட்டேன். மார்க் குறைந்தது, பொய் சொன்னது, அப்பா மேல் கோபம், எல்லாம் இங்கேயே இருக்கும். மூன்று விஷயங்களை மட்டும் மறைக்க முடியாது: நீ உன்னைக் காயப்படுத்திக்கொள்ளப் போகிறாய், வேறு யாரையோ காயப்படுத்தப் போகிறாய், யாரோ உன்னை அடிக்கிறார்கள் அல்லது தவறாகத் தொடுகிறார்கள். அப்போது உன்னைக் காப்பாற்றக்கூடிய பெரியவரிடம் சொல்வேன். முடிந்தவரை முதலில் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்.

"பெற்றோரிடம்" என்பது "பெரியவரிடம்" ஆனதைக் கவனியுங்கள். அடிப்பவர் வீட்டிலேயே இருக்கலாம்.

3. பதில். மூன்று கட்டம்: "சரி", "இப்போதைக்கு வேண்டாம்", "ஒரு கேள்வி இருக்கு". பிள்ளை வேண்டாமென்றாலும் வந்தே ஆக வேண்டும் என்று பெற்றோர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தால், இசைவு கேட்பதுபோல் நடிக்காதீர்கள். "வருவது உன் கையில் இல்லை, எதைப் பேசுவது என்பது உன் கையில்" என்று எழுதிவிடுங்கள்.

பெற்றோர் பக்கம்

> பிள்ளை எப்படி இருக்கிறது என்பதை நாலு வாரத்துக்கு ஒருமுறை, பிள்ளையையும் வைத்துக்கொண்டு பேசுவோம். அது சொன்ன வார்த்தைகளைச் சொல்ல மாட்டேன். உயிருக்கு ஆபத்து என்றால் காத்திருக்க மாட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில் "என்ன பேசினே?" என்று கேட்காதீர்கள்.

சந்திப்புகளைப் பற்றி நீங்கள் எழுதிவைக்கும் குறிப்பேட்டைப் பார்க்கும் உரிமை உங்கள் ஊர்ச் சட்டப்படி பெற்றோருக்கு உண்டென்றால், அதைப் பிள்ளையின் பக்கத்திலும் எழுதுங்கள். பின்னால் தெரியவந்தால் அந்தப் பிள்ளை மறுபடி வாய் திறக்காது.

பின்சேர்க்கை: பெற்றோர் பிரிந்து வாழ்ந்தால் யார் கையெழுத்திடுவது என்று ஒருவர் கேட்டிருந்தார். "என்னிடம்தான் பொறுப்பு" என்ற வாய்ச்சொல் போதாது. நீதிமன்ற உத்தரவு இருந்தால் வாங்கிப் படியுங்கள். நான் இப்போது முதல் சந்திப்புக்கு முன்பே அதைக் கேட்டுவிடுகிறேன்.