ரத்தம் எடுக்கும்போது மயக்கம் வருகிறதா? தசையை இறுக்கும் பயிற்சி

ரத்தப் பரிசோதனைக்குப் போன மூன்று முறையும் நான் மயங்கி விழுந்திருக்கிறேன். மூன்றாவது முறை லேப் வாசல்படியில் விழுந்து தாடையில் தையல் போட வேண்டியதாகிவிட்டது. அதற்கப்புறம்தான் இந்தப் பயிற்சியைக் கற்றுக்கொண்டேன். ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் 1980களில் செம்மைப்படுத்திய முறை இது. கடைசி இரண்டு பரிசோதனைகளிலும் எனக்கு மயக்கம் வரவில்லை.

ஊசியைப் பார்த்ததும் முதலில் நெஞ்சு படபடக்கும், பிபி ஏறும். எல்லா பயத்திலும் நடப்பதுதான். ஆனால் நம்மைப் போன்றவர்களுக்குக் கொஞ்ச நேரத்தில் அது தலைகீழாகிறது. வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைச் சட்டென்று குறைக்கிறது. ரத்தக்குழாய்கள் விரிந்து ரத்தம் காலிலும் வயிற்றுப்பகுதியிலும் தேங்குகிறது. மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்ததும் வியர்த்து, குமட்டி, கண் இருட்டிக்கொண்டு வருகிறது.

இதனால்தான் "மூச்சை இழுத்து விடுங்க, உடம்பைத் தளர்த்துங்க" என்று அன்பாகச் சொல்லும் அறிவுரை நமக்கு உதவாது. தளர்த்தினால், ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கும் பிபி இன்னும் விழும். முதல் இரண்டு முறையும் நான் அதைத்தான் செய்தேன்.

படி 1: இறுக்குவது. நாற்காலியில் உட்காருங்கள். கை, வயிறு, தொடை, கெண்டைக்கால் எல்லாவற்றையும் ஒன்றாக இறுக்குங்கள். 10 முதல் 15 நொடியில் முகத்தில் ஒரு சூடு ஏறும். அந்தச் சூடுதான் அடையாளம். அது வரும்வரை இறுக்கிப் பிடியுங்கள்.

படி 2: விடுவது. எனக்கு நாள்கணக்கில் தகராறு செய்த இடம் இது. இறுக்கியதை விட்டதும் அப்படியே சாய்ந்து துவண்டுவிடுவேன், உடனே தலை லேசாகச் சுற்றும். முழுசாகத் தளரக் கூடாது. இறுக்குவதற்கு முன்னால் எப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தீர்களோ, அந்த நிலைக்கு மட்டும் திரும்புங்கள். 20, 30 நொடி கழித்து மறுபடி இறுக்குங்கள். ஐந்து முறை செய்தால் ஒரு சுற்று. ஒரு நாளைக்கு ஐந்து சுற்று என்று ஒரு வாரம் செய்தேன்.

படி 3: ஒரு கையை மட்டும் விட்டுவைப்பது. ஊசி போடும் கை தளர்வாகவே இருக்க வேண்டும். உடம்பு முழுக்க இறுகும்போது ஒரு கையை மட்டும் விட்டுவைப்பது முதலில் வரவே வராது. நான் அந்தக் கையில் பிபி மெஷின் பட்டையைக் கட்டிக்கொண்டு பழகினேன். கை இறுகியிருந்தால் மெஷின் பெரும்பாலும் எரர் காட்டும் அல்லது தாறுமாறான எண் தரும். எனக்குச் சும்மா இருக்கும்போது 108/68. மற்ற தசைகளை இறுக்கியபோது 124/78. வேலை செய்கிறது என்று கண்ணால் பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது. மெஷின் வாங்குவதானால் மேல்கையில் கட்டும் வகையையே வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது கை கொஞ்சம் ஏறி இறங்கினாலே எண்ணை மாற்றிவிடும்.

படி 4: லேபில். போவதற்கு அரை மணி நேரம் முன்னால் இரண்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனைக்கும் வெறும் தண்ணீர் பொதுவாகக் குடிக்கலாம், லேபில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். "எனக்கு மயக்கம் வரும், படுத்துக்கொண்டு தருகிறேன்" என்று உள்ளே போனதுமே சொல்லிவிடுங்கள். ரத்தம் எடுக்க மேல்கையில் டூர்னிகெட் பட்டையைக் கட்டும்போதே கால்களை ஒன்றன்மேல் ஒன்று போட்டு இறுக்கத் தொடங்குங்கள். கண் இருட்டிய பிறகு தொடங்கினால் பெரும்பாலும் தாமதமாகிவிடும்.

பின்னர் சேர்த்தது: பயிற்சியிலேயே தலை சுற்றுவதாக ஒரு வாசகி எழுதியிருந்தார். விசாரித்ததில், இறுக்கும்போது மூச்சையும் அடக்கியிருக்கிறார். மூச்சு சாதாரணமாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். தலை வலித்தால் இறுக்கத்தைக் குறையுங்கள். உயர் ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

இன்னொருவர் ஊசி எடுத்து முடிந்து, பில் கட்டும் இடத்தில் விழுந்திருக்கிறார். எனக்கு வாசல்படியில் நடந்ததும் அதேதான். ஊசி எடுத்தபின் பத்து நிமிடமாவது படுத்திருங்கள், எழுந்து உட்கார்ந்து ஒரு சுற்று இறுக்கிவிட்டு அப்புறம் நில்லுங்கள். அதையும் மீறி மயங்கினால், கூட வந்தவர் உங்களைத் தரையில் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் போதும். கை கால் சில நொடி வெட்டி இழுக்கலாம். வலிப்பு என்று பயந்து வாயில் எதையும் திணிக்கக் கூடாது. ஒரு நிமிடத்துக்குள் நினைவு திரும்பாவிட்டால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

ஊசியோ ரத்தமோ இல்லாமல், ஓடும்போதோ படுத்திருக்கும்போதோ மயக்கம் வந்திருந்தால் இந்தப் பயிற்சியை நம்பி இருக்காதீர்கள். வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தாலும் அப்படித்தான். முதலில் டாக்டரைப் பார்த்து ஈசிஜி எடுங்கள். அதற்கு ஊசி தேவையில்லை.